நாற்பத்திரண்டு மில்லி வட்டம்

என் அக்காவின் கணவரும் நானும் தலத்தெருவில் ஒரே ஷெட்டில் மூன்று வருடம் வேலை பார்த்தோம். ஷெட் அவருடையது. அதில் ஒரு லேத், கம்ப்யூட்டர் சொல்கிறபடி உலோகத்தைச் செதுக்கும் ஒரு சி.என்.சி. மில்லிங் மெஷின், ஓரத்தில் மாதிரி எடுக்கிற சின்ன பிளாஸ்டிக் பிரிண்டர். தகரத் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒரு மேசையும் என் கம்ப்யூட்டரும். கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனி ஒன்றில் வரைபடப் பிரிவில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். அவர் டிப்ளமோ முடித்துத் துபாயில் மெஷின் ஓட்டியவர். "நீ வரை, நான் வெட்டுறேன், ரெண்டு பேரும் நல்லா வருவோம்" என்று அக்காதான் எங்களைச் சேர்த்து வைத்தாள். அது நடக்காது என்று முதல் மாதத்திலேயே இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. சொல்லிக்கொள்ளத்தான் மூன்று வருடம் ஆனது.

அவரைப் பொறுத்தவரை வரைவது வேலையே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற எதுவும் வேலை இல்லை. யாராவது வந்து என்னைக் காட்டி "இவரு?" என்று கேட்டால், "நம்ம மாப்ள, கம்ப்யூட்டர்ல படம் போட்டுக்கிட்டு இருக்காப்ல" என்பார். அந்த 'படம்' என்ற சொல்லில் அவர் வைக்கிற அழுத்தம் எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது. நானும் சும்மா இருந்தவன் இல்லை. அவர் வெட்டிய பீஸை எடுத்து வந்தவர் முன்னாலேயே வெர்னியர் வைத்து அளந்து பார்ப்பேன். அவருக்கு முகம் சிவக்கும். எனக்கு அது பிடித்திருந்தது.

எங்களைக் கடைசியாகப் பிரித்தது ஒரு பம்ப்.

மீன்பிடித் தடைக்காலம் முடிய இருந்த நேரம். கடற்கரைக் கிராமத்திலிருந்து ஒரு விசைப்படகின் சொந்தக்காரம்மா வந்தார். மீன் ஏலத்தில் நின்று நின்று குரல் பழகிப் போனவர். மெதுவாகப் பேசுவதே நாலு பேருக்குக் கேட்கும். படகில் இருந்தது வெளிநாட்டிலிருந்து பழையதாக வந்த என்ஜின். அதைக் குளிர்விக்கக் கடல் தண்ணீரை உறிஞ்சித் தள்ளும் பம்பின் உடல், உப்பு தின்று அரித்துப் போயிருந்தது. ஸ்பேர் கிடைக்கவில்லை. "இதே மாரி ஒண்ணு வெட்டிக் குடுங்க தம்பி. தடை முடிஞ்ச அன்னைக்கி போட்டு கெளம்பணும்" என்றார்.

மச்சான் பழைய பம்பை நாகப்பட்டினத்துப் பக்கம் ஒரு இடத்தில் கொடுத்து ஸ்கேன் செய்து வாங்கி வந்தார். என்னிடம் கேட்காமல்தான். பென்டிரைவை மேசையில் போட்டார்.

"இந்தா, பம்பே உள்ள இருக்கு. மாத்திக் குடு. சாயங்காலம் மெஷின்ல ஏத்திடுறேன்."

உள்ளே இருந்தது ஓ.பி.ஜே. ஃபைல். திறந்தேன். திரையில் ஒன்றுமே இல்லை. பெரிதாக்கிக் கொண்டே போனால் தூசி மாதிரி ஒரு புள்ளி. இன்னும் பெரிதாக்கினால் அதுதான் பம்ப். ஓ.பி.ஜே.யில் எண்கள் மட்டும்தான் வரும். அது மீட்டரா, மில்லிமீட்டரா, அங்குலமா என்று நம்பும்படி அதில் எங்கும் எழுதியிருக்காது. ஸ்கேன் செய்தவர்களுடைய சாஃப்ட்வேர் மீட்டரில் எழுதியிருந்தது. என்னுடையது அதை மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொண்டது. ஆயிரம் மடங்கு பெரிதாக்கினேன். ஆயிரம்தானா என்று ஊகத்தில் விடாமல், பழைய பம்பில் இரண்டு போல்ட் ஓட்டைகளுக்கு நடுவே வெர்னியர் வைத்தேன். எண்பது மில்லி. திரையிலும் எண்பது. சரி.

ஆனால் அளவு சரியாகிவிட்டதால் பம்ப் சரியாகிவிடாது. ஸ்கேனில் வந்தது லட்சக்கணக்கான குட்டி முக்கோணங்களால் ஒட்டிய ஒரு தோல். உப்பு தின்ற பள்ளம், துரு மேடு எல்லாம் அப்படியே அதில் இருந்தது. அதில் வட்டம் என்று ஒன்று இல்லவே இல்லை; வட்டம் மாதிரி தெரிகிற கோடுகள்தான் இருந்தன. அதனால் அந்தத் தோலை அடியில் வைத்துக்கொண்டு, அதன்மேல் ஒவ்வொன்றாகப் புதிதாக வரைந்தேன். இது தட்டை, இது உருளை, இது அச்சு விலகிய வளைவு என்று. தண்ணீர் கசியாமல் தடுக்கிற வளையமான சீல் உட்காரும் துளை தேய்ந்து அகன்றிருந்தது. அதை ஸ்கேனிலிருந்து எடுக்காமல், பழைய சீலைத் துடைத்து அதன்மேல் அச்சிட்டிருந்த எண்ணைப் படித்தேன். வெளி விட்டம் நாற்பத்திரண்டு. துளையும் நாற்பத்திரண்டு.

மச்சான் தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு நாளா என்னடா பண்றே? ஃபைல்தான் கைல இருக்கே. மாத்துறதுக்கு ஒரு பட்டன்தானே?"

"மாத்துறது பட்டன்தான் மச்சான். மாத்துனா துருவும் சேந்து மாறும். வட்டம் வராது."

"அந்தப் பம்பு இத்தன வருசம் ஓடுனுச்சுல்ல? அப்ப அதுல வட்டம் இருந்துச்சு. உன் படத்துலதான் இல்ல."

திரையின் பக்கம் திரும்பி வேலையைத் தொடர்ந்தேன். முடித்து, மில்லிமீட்டரில் ஸ்டெப் ஃபைலாகச் சேமித்து அவரிடம் கொடுத்தேன். ஸ்டெப் வேறு ஜாதி. அதில் முக்கோணம் கிடையாது. 'இது உருளை, அச்சு இங்கே, ஆரம் இருபத்தொன்று' என்று வளைவே கணக்காக எழுதியிருக்கும். அலகும் உள்ளேயே இருக்கும். எந்த ஊர் கம்ப்யூட்டரில் திறந்தாலும் நாற்பத்திரண்டு மில்லி நாற்பத்திரண்டு மில்லிதான்.

கன்மெட்டல் உலோகத்தில் வெட்டுமுன் பிளாஸ்டிக்கில் ஒன்று எடுத்துப் படகில் வைத்துப் பார்ப்பது வழக்கம். அந்தப் பிரிண்டருக்கு ஸ்டெப் புரியாது, முக்கோணங்களால் ஆன எஸ்.டி.எல். வேண்டும். நான் எடுத்துத் தருகிறேன் என்றேன். "நான் என்ன கைநாட்டா?" என்று அவரே தன் லேப்டாப்பில் ஏதோ இலவச சாஃப்ட்வேரில் திறந்து எஸ்.டி.எல். எடுத்தார். அந்த சாஃப்ட்வேர் அங்குலத்தில் எழுதும்படி வைக்கப்பட்டிருந்தது. எஸ்.டி.எல்.லிலும் அலகு கிடையாது. பிரிண்டர் எல்லாவற்றையும் மில்லி என்றுதான் நினைக்கும். கையகலப் பம்ப் திரையில் சட்டைப் பித்தான் அளவுக்கு நின்றது. அவர் யோசித்தார். அங்குலத்துக்கு இருபத்தஞ்சு மில்லி. இருபத்தைந்து மடங்கு என்று தட்டினார். பிரிண்ட் போட்டார். பிளாஸ்டிக் பம்பை எடுத்துக்கொண்டு படகுக்குப் போனார்.

போல்ட் ஏறவில்லை.

திரும்பி வந்தவர் அதை என் கீபோர்டின் மேல் எறிந்தார். போல்ட் மாட்டும் காது ஒன்று உடைந்து தெறித்தது.

"அந்தம்மா முன்னாடி மானம் போச்சு. அளவெடுக்கத் தெரியாதவனுக்கு எதுக்குடா வெர்னியரு?"

நான் உடையாத பக்கத்தை அளந்தேன். எண்பது இருக்க வேண்டிய இடத்தில் எழுபத்தெட்டே முக்கால். நாற்பத்திரண்டு இருக்க வேண்டிய இடத்தில் நாற்பத்தொன்று சொச்சம். உயரமும் குறைவு. எல்லாமே ஒரே விகிதத்தில் குறைவு. கையால் அளக்கிறவன் தவறு செய்தால் ஒரு இடத்தில் தவறு வரும்; எல்லா இடத்திலும் ஒரே விகிதத்தில் வராது.

"எத்தன மடங்கு பெருசாக்குனீங்க?"

"இருவத்தஞ்சு."

"அங்குலம்னா இருவத்தஞ்சு புள்ளி நாலு மச்சான்."

"புள்ளி நாலுக்காடா போல்ட் ஏறல?"

"எண்பது மில்லிக்கு அது ஒண்ணேகால் மில்லி. எப்புடி ஏறும்?"

ஷெட்டில் லேத் வேலைக்கு இருந்த இரண்டு ஆட்களும் கையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. "உன் ஃபைலே கோளாறு. அதத் தெறந்தா சின்னதா வருது, அத மறைக்கக் கணக்குப் பேசுறே" என்றார். நான் என் கம்ப்யூட்டரிலிருந்து மில்லியில் ஒரு எஸ்.டி.எல். எடுத்துக் கொடுத்தேன். பிளாஸ்டிக் பிரிண்டுக்கு இவ்வளவு போதும் என்று முக்கோணங்களைப் பெரிதாகவே விட்டிருந்தேன். கொடுக்கும்போது தெளிவாகச் சொன்னேன்.

"இது பொருந்துதான்னு பாக்க மட்டும். கன்மெட்டல்ல வெட்டுறப்ப ஸ்டெப்ப எடுங்க. இத எடுக்காதீங்க."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டார். கேட்டார் என்றுதான் நினைத்தேன்.

இந்த முறை பிளாஸ்டிக் பம்ப் படகில் உட்கார்ந்தது. போல்ட் ஏறியது, குழாய் வாய் நேராக வந்தது. அது நல்ல செய்தி. ஆனால் அவர் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் வேறு. நான் முதலில் கொடுத்த ஸ்டெப்பிலிருந்து வந்த பம்ப் பொருந்தவில்லை. பிறகு கொடுத்த எஸ்.டி.எல்.லிலிருந்து வந்தது பொருந்தியது. ஆகவே ஸ்டெப் தப்பு, எஸ்.டி.எல். சரி. ஸ்டெப்பை அழித்துவிட்டார். வெட்டும் சாஃப்ட்வேர் அந்த எஸ்.டி.எல்.லில் துளையைத் துளை என்று கண்டுகொள்ள மறுத்தது. உடனே இணையத்தில் ஏதோ ஒரு தளத்தில் அதை ஏற்றி ஸ்டெப்பாக மாற்றி இறக்கிக்கொண்டார். ஃபைல் பெயரின் கடைசியில் ஸ்டெப் என்று வந்துவிட்டது. வெட்டினார். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது; நான் அந்த வாரம் நெடுங்காட்டில் ஒரு அரிசி ஆலைக்கு அளவெடுக்கப் போய் வந்துகொண்டிருந்தேன். எங்களுக்குள் பேச்சும் இல்லை. பம்ப் கொடுத்தாகிவிட்டது என்று அக்கா சொல்லித்தான் தெரியும்.

தடை முடிந்து படகு போனது. இரண்டாம் நாள் வேறொரு படகு அதைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது.

நான் ஷெட்டுக்குள் நுழையும்போது படகுக்காரம்மா நடு ஷெட்டில் நின்றிருந்தார். காலடியில் கழற்றிய பம்ப். கையில் ஒரு தண்ணீர் பாட்டில், அதில் என்ஜின் ஆயில். கறுப்பாக இருக்க வேண்டியது டீ நிறத்தில் கலங்கி இருந்தது. சீலைச் சுற்றிக் கசிந்த கடல் தண்ணீர் ஆயிலுக்குள் போயிருந்தது.

"நடுக்கடல்ல என்ஜின் நின்னு போச்சு. ஆறு பேரு உள்ள இருந்தாங்க. காத்து கொஞ்சம் கூட அடிச்சிருந்தா என்னாயிருக்கும், சொல்லு!" அவர் மச்சானைப் பார்த்துத்தான் கத்தினார்.

மச்சான் என்னைக் காட்டினார். "வரைஞ்சவன் இவன். நான் ஃபைல்ல உள்ளத வெட்டுறவன். இவன் அளவு தப்பு. முன்னயே பிளாஸ்டிக்ல ஒரு வாட்டி தப்பு வந்துச்சு, நீங்களே பாத்தீங்க."

அந்தம்மா என் பக்கம் திரும்பினார். "பெரிய படிப்பு படிச்சவன்னு சொன்னாங்க. என் வீட்டு ஆளும் அந்தப் போட்டுல இருந்தாரு தம்பி."

பம்பை எடுத்துச் சீலைத் தட்டிக் கழற்றினேன். துளையின் சுவரில் எமரித் தாள் தேய்த்த கோடுகள்.

"சீல் டைட்டா போச்சா?"

"போச்சு. தேச்சு எறக்குனேன். அதுக்கு என்ன இப்ப?"

துளைக்குள் டார்ச் அடித்தேன். வெளிச்சம் வழுக்கிக்கொண்டு ஓடவில்லை. பட்டை பட்டையாக நின்றது. துளையின் விட்டத்தை முள்ளில் காட்டும் போர் கேஜை உள்ளே விட்டு மெதுவாகத் திருப்பினேன். முள் நாற்பத்திரண்டுக்கு ஏறும், உடனே கால் மில்லிக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கும், மறுபடி ஏறும். எமரி பட்ட இடத்தில் மட்டும் தாறுமாறாக ஆடியது.

"அம்மா, இங்க வாங்க. இந்த முள்ளப் பாருங்க. வட்டமா இருந்தா முள்ளு ஆடக் கூடாது. இது வட்டமே இல்ல. முப்பத்திரண்டு பட்டை. பட்டை உள்ள தள்ளி நிக்கிற எடத்துல சீல் இறுக்குது. மூலையில இடுக்கு விடுது. அந்த இடுக்குலதான் தண்ணி போயிருக்கு."

"அப்ப நீ பட்டையா வரைஞ்சிருக்கே!" என்றார் மச்சான்.

"உங்க லேப்டாப்பக் குடுங்க."

தரவில்லை. அந்தம்மா, "குடுய்யா" என்றார். தந்தார்.

அவர் வெட்டிய ஃபைலைத் திறந்தேன். என் கம்ப்யூட்டரில் என் ஃபைலைத் திறந்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்து அந்தம்மாவைக் குனிந்து பார்க்கச் சொன்னேன். தூரத்திலிருந்து இரண்டும் ஒரே பம்ப்தான். என் ஃபைலில் துளையின் சுவரைத் தொட்டேன். சுவர் முழுதும் ஒரே முகமாக நிறம் மாறியது. ஓரத்தில் 'ஆரம் 21' என்று வந்தது. அவருடையதில் அதே இடத்தைத் தொட்டேன். ஒரு ஒல்லி முக்கோணம் மட்டும் நிறம் மாறியது. பக்கத்தில் தொட்டால் இன்னொரு முக்கோணம். ஆரம் என்று எதுவும் வரவில்லை. வருவதற்கு அங்கே வளைவே இல்லை.

"ரெண்டும் ஸ்டெப்தானேடா! பேரப் பாரு!" மச்சானின் குரல் உடைந்தது.

"பேருதான் ஸ்டெப். நான் பிளாஸ்டிக்குக்குன்னு குடுத்ததப் போயி மாத்திருக்கீங்க. எஸ்.டி.எல். ஆக்குறப்பவே வட்டம் செத்துப் போச்சு. திருப்பி மாத்துனா அது உயிரோட வராது, அந்த முக்கோணத்தையே தட்டைத் தட்டையா எழுதி வச்சிரும். வெட்டாதீங்கன்னு சொன்னேனா இல்லையா?"

அவர் லேப்டாப்பை மூடினார். மூடிய சத்தத்தில் லேத்துக்காரர்கள் இருவரும் வெளியே போய்விட்டார்கள்.

அவரைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம் என்று பின்னால் அக்கா சொன்னாள். சொல்லியிருக்கலாம். ஆனால் ஆறு பேர் கடலில் மிதந்த பழியை அவர் என்னைத் தனியே கூப்பிட்டுப் போடவில்லையே.

படகுக்காரம்மாவுக்கு எங்கள் வழக்கில் எந்த ஆர்வமும் இல்லை. "வட்டமோ பட்டையோ, மாமனும் மச்சானும் சண்ட போட்டுக்குங்க. என் போட்டு கரையில கெடக்கு. சரியான ஃபைல் ஒங்கிட்ட இருக்குல்ல? அத வச்சு இன்னைக்கே வெட்டு" என்றார்.

"என் மெஷின்ல இவன் ஃபைல் ஏறாது" என்றார் மச்சான்.

"அப்ப என் போட்டும் ஒன் ஷெட்டுக்கு வராது."

அந்தம்மா பம்பை ஒரு சாக்கில் சுருட்டினார். நான் என் கம்ப்யூட்டரைக் கழற்றினேன். ஒயர்களைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது மச்சான் தடுப்பின் அந்தப் பக்கம் நின்று சொன்னார்: "போறவன் போறப்ப தடுப்பையும் கழட்டிட்டுப் போ. எனக்கு எடம் வேணும்." நான் கழற்றவில்லை.

நாகப்பட்டினத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு அந்தம்மாவும் நானும் பஸ்ஸில் போனோம். அங்கே ஃபைலைக் கொடுத்ததும், வெட்டும் முன்னால் அவர்கள் கம்ப்யூட்டரில் திறந்து எனக்கு இரண்டு அளவு படித்துச் சொல்லும்படி கேட்டேன். போல்ட் நடுவே எவ்வளவு, சீல் துளை எவ்வளவு. ஆபரேட்டருக்கு எரிச்சல். "ஸ்டெப்தானே சார் குடுத்திருக்கீங்க?" என்றான். "ஆமா. இருந்தாலும் படிங்க" என்றேன். "எண்பது. நாப்பத்திரண்டு. போதுமா?" போதும். துளையில் கட்டர் நிற்காமல் ஒரே வளைவாகச் சுற்றி வந்தது. முடிந்ததும் கேஜை உள்ளே விட்டுச் சுற்றினேன். முள் அசையவில்லை. அந்தம்மா முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இத அங்கயே செஞ்சிருக்கலாம்ல" என்றார். நன்றி என்றெல்லாம் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய நிலையில் அவர் இல்லை.

என்ஜின் ஆயிலை இரண்டு முறை மாற்றிக் கழுவிவிட்டுப் படகு போனது. திரும்பி வந்தது. அதற்குப் பிறகு அந்தப் பம்பைப் பற்றி எனக்கு எந்தச் செய்தியும் வரவில்லை. பம்ப் விஷயத்தில் அதுதான் நல்ல செய்தி.

தருமபுரத்தில் ஒரு மாடி அறை எடுத்தேன். அக்கா ஒரே ஒருமுறை போன் செய்தாள்.

"நீ சொன்னது சரியாவே இருக்கட்டும். ஊருல உள்ளவங்க முன்னாடி அவர நிக்க வச்சுட்டியேடா. அவரு ரெண்டு நாளா சாப்புடல."

"அக்கா, அவரு எம் பேர்ல பழி போட்டாரு."

"போட்டாரு. அதுக்காக?"

அவள்தான் போனை வைத்தாள்.

மறு வருடம் அவள் மகளுக்குக் காது குத்து. பத்திரிகை தபாலில் வந்தது; கொண்டுவந்து கொடுக்க அவர் வரவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார்த்திக் குத்துவதுதான் முறை என்பதால் என்னைத் தவிர்க்கவும் முடியவில்லை. போனேன். குழந்தை என் மடியில் கதறியது. நான் அதன் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மச்சான் எதிரே, நாலடி தள்ளி நின்று, ஆசாரியின் கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு காதும் முடிந்ததும் குழந்தையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். என் விரலில் அவர் விரல் பட்டுவிடாதபடி வாங்கினார்.

"சாப்ட்டுட்டுப் போகச் சொல்லு" என்றார். அக்காவிடம்தான்.

பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அக்கா வாசல் வரை வந்தாள். கூப்பிடவில்லை.